லித்தியம் செல்லின் கழுத்தில் ஒரு சின்ன போர்டு

பழைய செல்போன் பேட்டரி ஒன்றின் மேல்விளிம்பில் சுற்றியிருக்கும் மஞ்சள் டேப்பை மெதுவாக உரித்தால், விரல்நகத்தை விடக் குறுகலான ஒரு பச்சைப் பலகை தெரியும். டார்ச், பவர் பேங்க், ரேடியோ, பொம்மை கார் என்று லித்தியம் செல் இருக்கிற ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. கடைக்காரர்கள் இதை ப்ரொடெக்‌ஷன் போர்டு என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் தனியாகவே வாங்கலாம். ஆறு கால் கொண்ட ஒரு சிப், எட்டுக் கால் கொண்ட இன்னொரு சிப், இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர்: மலிவான போர்டில் அவ்வளவுதான் சரக்கு. ஆறு கால் சிப்பின் மேல் பெரும்பாலும் டிடபிள்யூ01 என்றும், எட்டுக் கால் சிப்பின் மேல் 8205 என்றும் எழுதியிருக்கும். பல நிறுவனங்கள் இதே பெயர்களில் செய்து விற்கின்றன. பெரிய போன் கம்பெனிகள் வேறு சிப்புகளைப் போட்டாலும் வேலை செய்யும் விதம் இதேதான். அதனால் இந்த ஜோடியையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வது நல்லது. செல்லுக்குள் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று இந்தச் சிப்புக்குத் தெரியாது. எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதையும் அது நேரடியாக அளப்பதில்லை. செல் சூடாகிறதா என்றும் தெரியாது. அது பார்ப்பது இரண்டே வோல்டேஜ்களை. ஒன்று, செல்லின் இரு முனைகளுக்கு நடுவே இருப்பது. இன்னொன்று, மின்சாரம் வெளியேறும் வழியில் இருக்கும் ஸ்விட்சுகளின் இரு பக்கத்துக்கும் நடுவே இருப்பது. இந்த இரண்டை வைத்துத்தான் மூன்று ஆபத்துகளையும் கண்டுபிடிக்கிறது. அது எங்கே கைவிடும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஸ்விட்ச் என்று சொன்னது அந்த எட்டுக் கால் சிப்பை. அதற்குள் இரண்டு மாஸ்ஃபெட்டுகள் இருக்கின்றன. மாஸ்ஃபெட் என்பது ஒரு காலில் வோல்டேஜ் கொடுத்தால் திறந்து, எடுத்தால் மூடிக்கொள்ளும் மின்ஸ்விட்ச். செல்லின் பிளஸ் முனை எந்தத் தடையும் இல்லாமல் நேராக வெளியே போய்விடுகிறது. மைனஸ் முனை மட்டும் இந்த இரண்டு மாஸ்ஃபெட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டித்தான் வெளியே வர முடியும். ஆகவே போர்டில் இரண்டு மைனஸ் உண்டு. செல்லோடு ஒட்டியிருப்பதை செல் மைனஸ் என்றும், சார்ஜரும் கருவியும் இணையும் இடத்தை வெளி மைனஸ் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு ஸ்விட்ச் போதாதா, எதற்கு இரண்டு? மாஸ்ஃபெட்டைச் செய்யும்போதே அதன் உடம்புக்குள் ஒரு டயோடு தானாக அமைந்துவிடுகிறது. மாஸ்ஃபெட் மூடியிருந்தாலும் ஒரு திசையில் மின்சாரம் இந்த டயோடு வழியாகப் போய்விடும். எதிர்த்திசையில் போகாது, கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு போல. எனவே ஒரே மாஸ்ஃபெட் இருந்தால் இரண்டு திசையையும் அடைக்க முடியாது. இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால், ஒன்று மூடும்போது சார்ஜ் ஏறுவது மட்டும் நிற்கும், மற்றது மூடும்போது சார்ஜ் இறங்குவது மட்டும் நிற்கும். நிரம்பி வழியும் செல்லுக்கு மேலும் ஏற்ற முடியாது, ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். காலியான செல்லிலிருந்து எடுக்க முடியாது, ஆனால் அதற்கு ஏற்றலாம். தற்செயலாக அமைந்த அந்த டயோடை ஒரு குறையாக நினைக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு, எனக்கு இந்தப் போர்டில் மிகவும் பிடித்த இடம்.

முதல் ஆபத்து, அதிகமாக சார்ஜ் ஏறுவது. வழக்கமான லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். அதற்கு மேலும் அழுத்தினால் இரண்டு பக்கமும் கெடுகிறது. மைனஸ் பக்கத்தில் இருக்கும் கிராஃபைட், லித்தியத்தைத் தன் அடுக்குகளுக்குள் வாங்கி வைக்கும் பொருள். இடம் தீர்ந்தபின் வரும் லித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிய ஆரம்பிக்கும். பிளஸ் பக்கத்தில் இருக்கும் கோபால்ட் ஆக்சைடு போன்ற பொருளிலிருந்தோ அளவுக்கு மீறி லித்தியம் வெளியேறிவிடும். அதன் கட்டமைப்பு தளர்ந்து, சூட்டில் ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் எலக்ட்ரோலைட், தீப்பிடிக்கக்கூடிய கரிமத் திரவம். ஆக்சிஜன், சூடு, எரியும் திரவம் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிடுகின்றன. பேட்டரி உப்புவது உள்ளே வாயு சேர்ந்ததற்கு வெளியே தெரியும் அடையாளம்.

சிப் தன் முதல் வோல்டேஜை, அதாவது செல்லின் வோல்டேஜை, ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது 4.25 அல்லது 4.3 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் ஏறும் வழியை அடைக்கும். சிப்பின் வகையைப் பொறுத்து இந்த எண் சற்று மாறும். தாண்டிய அந்தக் கணமே அடைத்துவிடுவதில்லை. பத்தில் ஒரு விநாடி அளவுக்குப் பொறுத்துப் பார்க்கும். சார்ஜரைச் செருகும்போது எழும்பும் சின்னத் துள்ளலுக்கெல்லாம் அது அடைத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அடைத்த பிறகு வோல்டேஜ் 4.1 பக்கம் இறங்கும் வரை மறுபடி திறக்காது. சார்ஜ் நின்றவுடன் எந்தச் செல்லின் வோல்டேஜும் சற்று இறங்கும். அடைக்கும் எண்ணும் திறக்கும் எண்ணும் ஒன்றாகவே இருந்தால் அந்தச் சின்ன இறக்கத்திலேயே வழி திறந்து, மறுபடி அடைத்து, இரவு முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் போர்டு இருக்கிறதே என்று 5 வோல்ட் அடாப்டரை நேராக இதில் இணைத்து செல்லுக்கு சார்ஜ் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றும் வேலை வேறொரு சிப்பினுடையது. டிபி4056 போன்ற சார்ஜர் சிப் முதலில் நிலையான ஆம்பியரில் ஏற்றி, 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்டேஜைப் பிடித்துக்கொண்டு ஆம்பியரைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்துகிறது. ப்ரொடெக்‌ஷன் போர்டின் எண் 4.2-க்கு மேலே வைக்கப்பட்டிருப்பதே, சார்ஜர் ஒழுங்காக வேலை செய்யும் நாள்களில் அது குறுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான். சார்ஜர் பழுதாகும் ஒரு நாளுக்காக அது காத்திருக்கிறது. தினமும் அதை நம்பி 4.3 வரை ஏற்றினால் செல் சீக்கிரம் சாகும்.

எட்டுக் கால் சிப்பும் 20 வோல்ட் வரைதான் தாங்கும். அவசரத்தில் 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால் மாஸ்ஃபெட் பழுதாகலாம். அது பழுதாகும்போது பெரும்பாலும் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகும் கருவி வழக்கம்போல ஓடும். காவல் போய்விட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது ஆபத்து, அடிவரை வற்றவிடுவது. இதில் தீயோ புகையோ உடனே வராது என்பதால் பலர் இதை ஆபத்தாகவே எண்ணுவதில்லை. கிராஃபைட் பூசப்பட்டிருப்பது மெல்லிய செப்புத் தாளின் மேல். செல் மிகவும் வற்றும்போது மைனஸ் பக்கத்தின் மின்நிலை உயர்ந்து, அந்தச் செம்பே எலக்ட்ரோலைட்டில் கரைய ஆரம்பிக்கிறது. பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு திரும்பவும் உலோகமாகப் படிகிறது. ஆனால் பழைய இடத்தில் ஒழுங்காகப் படிவதில்லை. முள்போலவும் நூல்போலவும் வளர்ந்து, இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வைத் துளைக்கக்கூடும். அப்போது செல்லுக்கு உள்ளேயே ஷார்ட் ஆகிறது. ஆக, வற்றிய செல்லின் ஆபத்து வெளிப்படுவது அதை மறுபடி சார்ஜில் போடும்போதுதான்.

அதைத் தடுக்க, செல் ஏறக்குறைய 2.4 அல்லது 2.5 வோல்ட்டுக்கு வந்ததும் சிப் வெளியே போகும் வழியை அடைக்கிறது. அடைத்தவுடன் ஒரு சிக்கல். சுமை நின்றதும் செல் இளைப்பாறி 3 வோல்ட் பக்கம் எழும்பிவிடும். அதை நம்பித் திறந்தால் டார்ச் ஒரு கணம் எரிந்து, செல் மறுபடி சரிந்து, மறுபடி அடைத்து, அந்தத் துடிப்பிலேயே மிச்சமும் தீர்ந்துவிடும். ஆகவே டிடபிள்யூ01 ஒரு முடிவு எடுக்கிறது: அடைத்தபின் தூங்கிவிடுகிறது. வோல்டேஜ் எழும்பினாலும் எழாது. யாராவது சார்ஜரை இணைத்தால்தான் விழிக்கும்.

தூங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விழித்திருக்கும்போது இந்தச் சிப் சுமார் 3 மைக்ரோ ஆம்பியர் குடிக்கிறது. நிரம்பிய செல்லுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு வருடம் முழுக்கக் குடித்தால் 26 மில்லி ஆம்பியர் மணி ஆகிறது. ஏற்கெனவே வற்றிய செல்லின் அடியில் கிடப்பதே சொற்பம். தூங்கும்போது அந்தக் குடி 0.1 மைக்ரோ ஆம்பியருக்குக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு செய்தும், செல் தன்னால் மெல்ல வற்றுவதை எந்தப் போர்டாலும் நிறுத்த முடியாது. டார்ச்சைக் காலி செய்துவிட்டு அலமாரியில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால், வழியை அடைத்த பிறகும் செல் உள்ளுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நீண்ட நாள் எடுத்துவைக்கிற எதையும் பாதி சார்ஜில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது ஆபத்து ஷார்ட். இங்கேதான் சிப்பின் இரண்டாவது வோல்டேஜ் வேலைக்கு வருகிறது. ஆம்பியரை அளக்க வழக்கமாக வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்து, அதன் இரு பக்க வோல்டேஜைப் பார்ப்பார்கள். இந்தப் போர்டில் அந்த ரெசிஸ்டரையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். திறந்திருக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் கொஞ்சம் மின்தடை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 25 மில்லியோம் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து 50 மில்லியோம். செல் மைனசுக்கும் வெளி மைனசுக்கும் நடுவே எழும் வோல்டேஜ், ஓடும் ஆம்பியருக்கு ஏற்ப உயரும். 1 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட், 2 ஓடினால் 100. சிப்பின் எல்லை 150 மில்லிவோல்ட் அளவில் இருக்கிறது. அதாவது இந்தப் போர்டு 3 ஆம்பியருக்கு அடைக்கும். 3 என்கிற எண் சிப்பில் எங்கும் எழுதப்படவில்லை. பக்கத்தில் எந்த மாஸ்ஃபெட் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

நடைமுறையில் இதனால் பல விளைவுகள். மாஸ்ஃபெட் சூடானால் அதன் மின்தடை உயரும். இரண்டும் சேர்ந்து 60 மில்லியோம் ஆகிவிட்டால் அடைக்கும் எல்லை 2.5 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. செல் வற்றும்போதும் மாஸ்ஃபெட்டைத் திறந்துவைக்கும் வோல்டேஜ் குறைவதால் அதே கதைதான். காலையில் நன்றாக ஓடிய சின்ன மோட்டார், வெயிலில் அரைமணி நேரம் ஓடியபின் படக்கென்று நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒன்றுக்குப் பதில் இரண்டு 8205 சிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் மின்தடை பாதியாகி எல்லை 6 ஆம்பியர் ஆகும், மூன்று வைத்தால் 9. அதிக ஆம்பியர் போர்டு என்று விற்பது இதைத்தான். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த 5 ஆம்பியர் தாங்கும் செல்லுக்கு 9 ஆம்பியர் போர்டைக் கட்டினால், 8 ஆம்பியர் ஓடும்போது செல் வேகும், போர்டு வாயைத் திறக்காது. போர்டை வாங்கும்போது செல் தாங்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது நிஜமான ஷார்ட் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். செல் 4 வோல்ட்டில் இருக்கிறது, அதன் உள்தடை 50 மில்லியோம். மாஸ்ஃபெட்டுகள் 50. வெளியே கைப்பையில் கிடந்த சாவி வெளி முனைகளைத் தொட்டுவிட்டது. சாவியும் தொடும் இடங்களும் சேர்ந்து ஒரு 20. மொத்தம் 120 மில்லியோம். 4 வோல்ட்டை இதால் வகுத்தால் 33 ஆம்பியர். மாஸ்ஃபெட்டுகளின் குறுக்கே அப்போது எழுவது சுமார் 1.65 வோல்ட். சிப்பில் ஷார்ட்டுக்கென்று 1.35 வோல்ட் அளவில் தனி எல்லை இருக்கிறது. அதைத் தாண்டியதால் சில மைக்ரோ விநாடிகளில், அதிகம் போனால் சில பத்து மைக்ரோ விநாடிகளில், வழி அடைபடுகிறது. சாவி சூடாகக்கூட நேரமில்லை.

அதே இடத்தில் சாவிக்குப் பதில் ஒரு மெல்லிய கம்பி என்றால்? அதன் தடை 300 மில்லியோம் என்று கொள்வோம். மொத்தம் 400, ஓடுவது 10 ஆம்பியர், மாஸ்ஃபெட் குறுக்கே அரை வோல்ட். ஷார்ட் எல்லையை இது தொடவில்லை. ஆனால் 150 மில்லிவோல்ட்டைத் தாண்டிவிட்டது. இந்த எல்லைக்கு சிப் பத்து இருபது மில்லி விநாடி பொறுத்துத்தான் அடைக்கும். மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் கூடுதலாக இழுப்பது இயல்பு. அந்த இயல்பான இழுப்புக்கு இடம் கொடுக்கவே இந்தப் பொறுமை. எவ்வளவு பெரிய ஆபத்தோ அவ்வளவு குறைந்த பொறுமை என்பது இந்தச் சிப்பின் கணக்கு. சாவியையோ கம்பியையோ எடுத்துவிட்டால் வழி தானாகத் திறந்துகொள்ளும்.

இனி, அது பார்க்காதவை. 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்ததும், நிறுவனம் அவற்றை முற்றிலுமாகத் திரும்பப் பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜனவரியில் நிறுவனமே காரணத்தைச் சொன்னது. முதல் தொகுதி பேட்டரிகளில் ஒரு மூலையில் உறைக்குள் இடம் போதாமல் மைனஸ் தகடு வளைந்திருந்தது. மாற்றாகக் கொடுத்த தொகுதியில் வெல்டிங் பிசிறு உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. இரண்டிலும் ஷார்ட் நடந்தது செல்லுக்கு உள்ளே. அந்த மின்சாரம் மாஸ்ஃபெட்டுகளைத் தாண்டி வரவே இல்லை. அதனால் இரண்டாவது வோல்டேஜ் எதையும் காட்டாது. முதல் வோல்டேஜ் சரிந்தாலும், சிப்பால் முடிந்தது வெளி வழியை அடைப்பது மட்டும். நெருப்பு உள்வழியில் இருக்கிறது. உப்பிய, கீழே விழுந்து நசுங்கிய, ஆணி குத்திய செல்லை போர்டு இருக்கிறது என்ற தைரியத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். இந்த எளிய போர்டில் வெப்ப உணரியும் இல்லை. போன் பேட்டரியில் மூன்றாவது நான்காவது முனைகள் இருப்பதில் ஒன்று, வெப்பத்தைப் போனுக்குச் சொல்வதற்காக.

பழுது பார்க்கிறவர்கள் மேசையில் அடிக்கடி வரும் ஒரு கேஸோடு இதை முடிக்கலாம். பவர் பேங்க் செத்துவிட்டது என்று ஒருவர் கொண்டுவருகிறார். மல்டிமீட்டரை போர்டின் வெளி முனைகளில் வைத்தால் பூஜ்யம். நேராக செல்லின் முனைகளிலேயே வைத்தால் 3.1 வோல்ட். செல் உயிரோடு இருக்கிறது, சிப் தூங்குகிறது. புதிதாக செல்லை சாலிடர் செய்தவுடன் போர்டு எழாமல் கிடப்பதும் பல நேரம் இதே நிலைதான். முறையான சார்ஜரைச் சில விநாடி இணைத்தால் போதும், வெளி முனையிலும் அதே 3.1 வந்துவிடும். சார்ஜர் இணைத்தும் வரவில்லை என்றால் போர்டு பழுது. புது போர்டு போட வேண்டும்.

செல்லின் முனையிலேயே 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கதை வேறு. எவ்வளவு நாள் அப்படிக் கிடந்தது என்று தெரியாத செல்லுக்கு சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டாம். டிடபிள்யூ01-க்கு செம்பு கரைந்த கதை தெரியாது. சார்ஜர் வந்தால் அது வழிவிடும். செல்லின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பூஜ்யம் காட்டும் போர்டைப் பார்த்ததும் செல் மைனசையும் வெளி மைனசையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து சாலிடர் வைத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. கருவி உடனே ஓடும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் அந்த வயருக்குப் பிறகு சிப் எதைக் கண்டுபிடித்து எந்த மாஸ்ஃபெட்டை மூடினாலும், மின்சாரம் வயர் வழியாகப் போய்விடும். சிப் பார்க்கும் இரண்டாவது வோல்டேஜும் எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். பழைய பேட்டரி வாங்குகிறவர்கள் டேப்பை உரித்து அந்த இரண்டு மைனசுக்கும் நடுவே ஒரு வயரோ ஈயக்கட்டியோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இருந்தால் அதை வாங்காதீர்கள்.